தையல் வலி: எந்த நாளில் குறைய வேண்டும், எப்போது காட்ட வேண்டும்

பிரசவத்திற்கு மறுநாள் காலையில் நாங்கள் வார்டைச் சுற்றி வரும்போது, பெரும்பாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி, "தையலை எப்போது பிரிப்பீர்கள்?" என்பதுதான். பிரிப்பதில்லை, அது தானாகவே கரைந்துவிடும் என்று சொன்னதும் தாயின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். இரண்டாவது கேள்வி அவ்வளவு எளிதில் வெளிவருவதில்லை. உறவினர்கள் வெளியே சென்ற பிறகு, செவிலியரிடம் தாழ்ந்த குரலில் கேட்கப்படுவது அது: "இவ்வளவு வலிப்பது சரிதானா?" இக்கட்டுரை அந்த இரண்டாம் கேள்வியைப் பற்றியது.

முதலில் காயம் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். குழந்தையின் தலை வெளிவரும் நேரத்தில், பிறப்புறுப்பின் வாய்க்கும் மலவாய்க்கும் இடையில் உள்ள தசைப்பகுதி மெலிந்து விரிகிறது. சில வேளைகளில் அது தானே கிழிகிறது. சில வேளைகளில், குழந்தை விரைவாக வெளிவர வேண்டியிருந்தாலோ ஆயுதம் போட வேண்டியிருந்தாலோ, மரத்துப்போகும் ஊசி போட்டு நாங்களே கத்தரியால் சற்று வெட்டி வழிவிடுகிறோம். இதைத்தான் எபிசியோட்டமி என்கிறோம். வெட்டு நேர்கீழாக இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அது மேலும் நீண்டுவிட்டாலும் மலவாயை நோக்கிப் போகக்கூடாது என்பதே காரணம். எல்லாத் தாய்மார்களுக்கும் வழக்கமாக இந்த வெட்டைப் போட வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் தெளிவாகக் கூறியுள்ளது. ஆகவே உங்களுக்கு ஏன் போடப்பட்டது என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் நாங்கள் சொல்வோம்.

வெட்டானாலும் கிழிசலானாலும், தசை வரை சென்றிருந்தால் மூன்று அடுக்காகத் தைக்கிறோம்: உட்புறச் சவ்வு, அதன் கீழே தசை, கடைசியாக வெளித்தோல். எனவே கண்ணாடியில் பார்த்தால் தெரியும் தையலைவிட உள்ளே இருக்கும் தையல் அதிகம். "எத்தனை தையல்?" என்று வீட்டில் எண்ணிக்கை கேட்பார்கள். அந்த எண்ணிக்கையால் பெரிய பயன் இல்லை. காயம் எவ்வளவு ஆழம் என்பதே முக்கியம். மலவாயை இறுக்கிப் பிடிக்கும் தசை வரை கிழிந்திருந்தால், அது அறுவை அரங்கில் வேறு முறையில் தைக்கப்பட்டிருக்கும். உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதப்பட்டிருக்கும். மலமிளக்கியும் தனி அறிவுரையும் தரப்பட்டிருக்கும். அவர்கள் அந்த அறிவுரையையே முதன்மையாகப் பின்பற்ற வேண்டும்.

வெளித்தோலில் உள்ள நூல் சுமார் இரண்டு வாரங்களில் தளர்ந்து உதிரத் தொடங்கும். உள்நூல் கரைய மேலும் சில வாரங்கள் ஆகும். பத்து நாட்களுக்குப் பிறகு நாப்கினில் ஒரு சிறு முடிச்சோ நூல் துண்டோ கிடந்தால், தையல் பிரிந்துவிட்டது என்று பதற வேண்டாம். வலியும் கசிவும் கூடாமல் நூல் மட்டும் விழுவது, காயம் ஆறிவருவதன் அடையாளம்.

வலிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மரத்துப்போகும் மருந்தின் வேகம் தணிந்த பின், முதல் இரண்டு மூன்று நாட்கள் வீக்கம் அதிகமாக இருக்கும். வலியும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். உட்காரும்போது அழுத்தும், இருமும்போதும் எழும்போதும் இழுக்கும். நான்காம் நாள் அளவில் வீக்கம் வற்றத் தொடங்கும். அதன்பின் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சற்றுக் குறைவாகவே வலிக்க வேண்டும். இரண்டு வாரங்களில் பெரும்பாலோர் இயல்பாக உட்கார்ந்து பால் கொடுக்க முடிகிறது. ஆறும் காலத்தில் அரிப்பும் இலேசான இழுப்பும் இருக்கலாம். ஆறாவது வாரத்திற்குள் அவையும் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒருவருக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதை அளக்க எங்களிடம் கருவி இல்லை. ஆனால் வலி எந்தத் திசையில் போகிறது என்பதை அந்தத் தாயே அறிவார். இறங்கிக்கொண்டிருந்த வலி திரும்பி ஏறினால், அதற்கு வேறு ஏதேனும் காரணம் நிரூபணமாகும் வரை, காயத்தில் தொற்று என்றே நாங்கள் எண்ணிப் பார்க்கிறோம்.

எங்களிடம் வந்த ஒருவரின் கதை இதை விளக்கும். அவருக்கு வயது 24, முதல் பிரசவம். எபிசியோட்டமி போடப்பட்டு, மூன்றாம் நாள் நல்ல நிலையில் வீடு சென்றார். ஐந்தாம் நாள் தலையணை இல்லாமலே கட்டிலில் உட்கார்ந்தார். ஏழாம் நாள் மாலை, காயத்தின் கீழ் முனையில் மீண்டும் வலி தொடங்கியது. இம்முறை துடிப்பதுபோல இருந்தது. நெடுநேரம் உட்கார்ந்து பால் கொடுத்ததால் வந்த வலி என்று வீட்டில் நினைத்தார்கள். எட்டாம் நாள் இரவு குளிர் எடுத்துக் காய்ச்சல் வந்தது. பால் கட்டிய காய்ச்சல் என்று கருதி ஒரு பாராசிட்டமால் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது, எல்லோரும் தூங்கினார்கள். அவர் மட்டும் தூங்கவில்லை, ஒருக்களித்துப் படுத்தும் வலி தாங்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் எங்களிடம் வந்தபோது வெப்பநிலை 101.6 டிகிரி பாரன்ஹீட். தையலைச் சுற்றிச் சிவந்து, தொட்டால் சுட்டு, கெட்டியாக வீங்கியிருந்தது. கீழ் முனையில் இரண்டு தையல்கள் விட்டுப்போய், அங்கிருந்து சீழ் வடிந்தது.

இந்தக் கதையில் இரண்டு இடங்களில் நின்று பார்க்க வேண்டும். ஒன்று, பால் கட்டிய காய்ச்சல் என்ற எண்ணம். அது தவறான சொல் அன்று. மார்பு பால் நிறைந்து கல்லாக இறுகும்போது உடம்பு சற்றுச் சுடுவது உண்டு. ஆனால் அது பெரும்பாலும் மூன்றாம் நான்காம் நாட்களில், பால் முதலில் பெருகி இறங்கும்போது வரும். பால் கொடுத்ததும் தணியும். எட்டாம் நாளில், மார்பு இளகியிருக்கும்போது, குளிரோடு வந்த காய்ச்சலுக்கு அந்தப் பெயரைச் சூட்டக்கூடாது. இரண்டு, பாராசிட்டமால் காய்ச்சலை இறக்கியதால் ஏற்பட்ட நிம்மதி. மாத்திரை வெப்பத்தைத்தான் இறக்கியது, சீழை அன்று. ஆகவே காய்ச்சல் பார்ப்பதானால் மாத்திரை போடுவதற்கு முன்பே வெப்பமானியால் பார்த்து, எண்ணை எழுதி வையுங்கள். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது போதாது.

அவரை நாங்கள் பரிசோதித்தபோது காயத்தின்மீது மஞ்சள் பற்று காய்ந்து ஒட்டியிருந்தது. அவருடைய தாயார் மிகுந்த அக்கறையோடு நாள்தோறும் இட்டிருக்கிறார். அந்த மஞ்சள்தான் தொற்றைக் கொண்டுவந்தது என்று எங்களால் சொல்ல முடியாது. எந்தப் பற்றும் இடாத காயத்திலும் தொற்று வருகிறது. இரத்தசோகையும் நீரிழிவும் உள்ளவர்களுக்கும், ஆயுதம் போட்டுப் பிரசவித்தவர்களுக்கும் அதற்கான வாய்ப்பு கூடுதல். ஆனால் பற்று இரண்டு தீமைகளைச் செய்கிறது. தோலின்மேல் ஓடுபோலக் காய்ந்து, அடியில் ஈரத்தைத் தேக்குகிறது. அதைவிட முக்கியமாக, சிவப்பையும் சீழையும் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அந்தத் தாயார் தினமும் காயத்தைப் பார்த்தார். ஆனால் அவர் பார்த்தது மஞ்சளை.

இனி, காயத்தைச் சுத்தமாக வைப்பது எப்படி என்று பார்ப்போம். இதற்கு வேண்டியவை கையளவுதான்: சோப்பு, சுத்தமான தண்ணீர், ஒரு குவளை, துவைத்து வெயிலில் காய்ந்த மென்மையான பருத்தித் துணிகள், நாப்கின்கள்.

கையிலிருந்து தொடங்க வேண்டும். நாப்கினைத் தொடுவதற்கு முன்பும் பின்பும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழிப்பறைக்குச் சென்று வந்த பின் கழுவுவது எல்லோருக்கும் பழக்கம். செல்வதற்கு முன் கழுவுவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். காயத்தைத் தொடப்போவது அந்தக் கைதான்.

சிறுநீர் கழிக்கும்போதே குவளையால் வெதுவெதுப்பான நீரை முன்னிருந்து பின்னாக மெல்ல ஊற்றிக்கொண்டிருங்கள். சிறுநீர் நீர்த்துப்போவதால் காயத்தில் எரிச்சல் குறையும், காயமும் கழுவப்படும். மலம் கழித்த பிறகும் அப்படியே, எப்போதும் முன்னிருந்து பின்னாகவே. பின்னிருந்து முன்னாகக் கழுவினால் குடலில் இருக்கும் கிருமிகளை நாமே காயத்திற்குக் கொண்டுவருகிறோம். கழுவிய பின் துணியால் தேய்க்காமல், ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு துணி. சேலை முந்தானையோ பாவாடை நுனியோ வேண்டாம்.

நாப்கினை நிறைந்த பிறகு மாற்றுவது என்று இல்லாமல், நிறையாவிட்டாலும் மூன்று நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை மாற்றுங்கள். குழந்தைக்குப் பால் கொடுக்க எழும் நேரங்களோடு இதைச் சேர்த்துக்கொண்டால் மறக்காது. துணி பயன்படுத்துவோர் அதைச் சோப்பில் துவைத்து, மறைவிடத்தில் நிழலில் உலர்த்தாமல், நேர் வெயிலில் உலர்த்த வேண்டும். கூச்சத்தினால் அதன்மேல் வேறொரு துணியைப் போட்டு மூடிக் காயவைக்கிறார்கள்; அப்படிச் செய்தால் அது ஈரமாகவே இருக்கும். பகலில் இரண்டு முறையாவது, கதவைத் தாழிட்டுக்கொண்டு, சுத்தமான துண்டின்மீது நாப்கின் இல்லாமல் பத்துப் பதினைந்து நிமிடங்கள் படுத்திருங்கள். ஈரம் உலர்வதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. சாம்பிராணிப் புகை பிடிப்பது உலர்த்துவதற்காகத்தான் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த இடத்தில் தோல் மரத்திருக்கும்போது கனல் சுட்டாலும் தெரியாது. வேண்டாம்.

பிரசவமான ஒரு நாளுக்குப் பிறகு, சுத்தமாகத் தேய்த்துக் கழுவிய அகலப் பேசினில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, அதில் பத்து நிமிடம் இடுப்பை அமிழ்த்தி உட்காரலாம். நாளுக்கு இரண்டு முறை போதும். உப்புப் போட வேண்டுமா, வேப்பிலை போட வேண்டுமா, கிருமிநாசினித் திரவம் ஊற்ற வேண்டுமா என்று கேட்கிறார்கள். வெறும் நீரே போதும். கிருமிநாசினியை நீர் கலக்காமல் ஊற்றித் தோல் வெந்துபோனவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். பிள்ளை பெற்ற பச்சை உடம்பிற்கு என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரை இடுப்பில் வீசி ஊற்றும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. முதுகிற்கு இதமான சூட்டில் ஊற்றிக்கொள்வதை நாங்கள் தடுக்கவில்லை. அந்தச் சூடு தையலின்மீது வேகமாக விழக்கூடாது.

வலிக்கு முதல் இரண்டு நாட்கள் குளிர்ச்சி உதவும். பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் இட்டு, மெல்லிய சுத்தமான துணியில் சுற்றி, பத்து நிமிடம் மட்டும் வையுங்கள். நேராகத் தோலில் வைக்கக்கூடாது. மாத்திரை சாப்பிட்டால் பாலில் இறங்கிக் குழந்தையைப் பாதிக்கும் என்று அஞ்சி, பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்கள் இன்றும் உண்டு. நாங்கள் எழுதித் தரும் பாராசிட்டமாலும் ஐபுபுரூபனும் பாலில் மிகச் சிறிதளவே சேரும். பால் கொடுப்பவர்கள் சாப்பிடலாம். ஐபுபுரூபனை உணவுக்குப் பின் மட்டுமே சாப்பிட வேண்டும். ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, பேறுகால இரத்த அழுத்தம் இருந்தால் எங்களைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது. எழுதிய அளவில் நேரம் தவறாமல் சாப்பிட்டால்தான், வலி குறைந்துவருகிறதா கூடுகிறதா என்பதும் தெளிவாகத் தெரியும்.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு சொல். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று தாய்க்கு நீரை அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மேலே சொன்ன பெண்மணிக்கும் காய்கறி நிறுத்தப்பட்டு, நாளொன்றுக்கு நான்கைந்து தம்ளர் நீரே தரப்பட்டிருந்தது. பால் சுரப்பதற்கே அது போதாது. மலம் இறுகாமல் என்ன செய்யும்? தையலில் வலி வரும் என்று பயந்து அவர் நான்கு நாட்கள் மலத்தை அடக்கியும் வைத்திருந்தார். அடக்க அடக்க அது மேலும் இறுகுகிறது. பிறகு முக்கும்போது தையல் இழுபடுகிறது. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தம்ளர் நீரும், கீரை, காய், பழமும் தாராளமாகக் கொடுங்கள். மலம் கழிக்கும்போது சுத்தமான நாப்கினைக் கையால் காயத்தின்மீது வைத்து மெல்லத் தாங்கிக்கொண்டால் தையல் பிய்ந்துவிடுமோ என்ற அச்சம் நீங்கும். மூன்று நாட்களாகியும் மலம் போகவில்லையென்றால் மலமிளக்கி தருவோம், கேளுங்கள்.

நாளுக்கு ஒரு முறை கைக்கண்ணாடி வைத்துக் காயத்தைப் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாவிட்டால் உங்கள் தாயாரோ அக்காவோ பார்க்கட்டும். முதல் நாளிலேயே ஒரு முறை பார்த்துவைப்பது நல்லது. அப்போதுதான் பின்னால் வரும் மாற்றம் தெரியும். தையலின் ஓரம் இலேசாகச் சிவந்திருப்பது இயல்பு. அந்தச் சிவப்பு நாளுக்கு நாள் அகன்றாலும், வீக்கம் வற்றாமல் கெட்டிப்பட்டாலும், ஓரங்கள் விலகி இடைவெளி தெரிந்தாலும், மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வந்தாலும் அன்றே வாருங்கள். வாடையைப் பற்றிப் பலருக்கு ஐயம் உண்டு. பிரசவத்திற்குப் பின் வரும் உதிரப்போக்கு சில நாட்கள் சிவப்பாகவும், பிறகு பழுப்பாகவும், பின்னர் வெளிர் மஞ்சளாகவும் மாறும். மாதவிலக்கின் வாடையை ஒத்திருக்கும். நாப்கினை மாற்றிக் கழுவிய பிறகும் அழுகிய நாற்றம் விடாமல் இருந்தால் அது இயல்பன்று. தொற்று தையலில் மட்டுமன்றி, கருப்பையிலும் இருக்கலாம்.

சிறுநீர் காயத்தில் படும்போது எரிவது வேறு. உள்ளேயே கடுத்து, அடிக்கடி சிறிது சிறிதாகப் போவது வேறு. பின்னது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.

சில அறிகுறிகளுக்கு அன்று மாலை வரைகூடக் காத்திருக்கக்கூடாது. வெப்பநிலை 100.4 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் ஏறி உடல் நடுங்குதல், நெஞ்சு படபடத்து மூச்சு வாங்குதல், பேச்சில் தடுமாற்றம் அல்லது மயக்கம், சிறுநீர் மிகவும் குறைதல் ஆகியவை தொற்று இரத்தத்தில் பரவுவதைக் காட்டும். காயத்தைச் சுற்றிய தோல் கறுத்துப்போவதும், கண்ணுக்குத் தெரிவதைவிட வலி பல மடங்காக இருப்பதும் அரிதானவை. ஆனால் மிக ஆபத்தானவை. இவற்றில் எது வந்தாலும் 108ஐ அழைத்து உடனே வந்துவிடுங்கள். இன்னொன்று, பிரசவமான முதல் நாளிலேயே நேரக்கூடியது: மாத்திரைக்கு அடங்காத வலி, ஒரு பக்கம் மட்டும் வேகமாகப் பெருகும் வீக்கம், மலம் வருவதுபோன்ற ஓயாத அழுத்தம். இது தொற்று அன்று. தோலுக்கு அடியில் இரத்தம் கட்டுவது. வார்டில் இருக்கும்போதே நடு இரவானாலும் செவிலியரை எழுப்பிச் சொல்ல வேண்டும்.

நாம் மேலே கண்ட பெண்மணிக்கு என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஏனெனில், "காட்டப்போனால் மறுபடி தைப்பார்கள்" என்ற பயத்தினாலேயே சிலர் வரத் தாமதிக்கிறார்கள். சீழைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினோம். மரத்துப்போகும் ஊசி போட்டு, இறுகியிருந்த மேலும் இரண்டு தையல்களை எடுத்துவிட்டுச் சீழை முழுவதும் வடியவிட்டோம். சலைன் நீரால் கழுவினோம். தாய்ப்பாலுக்குத் தடையில்லாத நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை முதலில் ஊசியாகவும் பின்னர் மாத்திரையாகவும் கொடுத்தோம். அவர் ஒரு வேளைகூடப் பால் கொடுப்பதை நிறுத்தவில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது, வலி பாதியாயிற்று.

மறுபடி தைக்கவில்லை. தொற்றுள்ள காயத்தை உடனே மூடினால் சீழ் உள்ளேயே அடைபடும். சிறிய பிளவாக இருந்தால் திறந்தபடியே விட்டு, அடியிலிருந்து மேலாகச் சதை வளர்ந்து மூடும்படி பார்த்துக்கொள்கிறோம். பெரிதாக இருந்தால் தொற்று முற்றிலும் நீங்கிய பின் மறுபடி தைப்பதைப் பற்றிப் பேசுகிறோம். அவருக்கு நான்கு வாரங்களில் தானே மூடியது. மருந்துச் சீட்டில் உள்ள நாட்கள் முடியும் வரை மாத்திரையை நிறுத்தக்கூடாது என்பதை மட்டும் அவருடைய தாயாரிடம் இருமுறை சொல்லி அனுப்பினோம். வலி நின்றதும் மாத்திரையை நிறுத்துவது வீடுகளில் வழக்கம்.

வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டையும், வெப்பநிலை எழுதிய தாளையும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள். குழந்தையையும் அழைத்து வாருங்கள். காத்திருக்கும் நேரத்தில் பால் கொடுக்க வேண்டியிருக்கும். பிரசவமாகி ஆறு வாரங்களுக்குள் உள்ளவர்கள் புறநோயாளிச் சீட்டுக்காகக் காலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிரசவ அறை இரவிலும் திறந்திருக்கிறது. தையலில் வலி திரும்பியிருக்கிறது என்று வாயிலில் இருக்கும் செவிலியரிடம் சொன்னால் போதும்.